பொங்கல் விடுமுறையில் க்ளெய்முக்கு யாரை அழைப்பது?

பொங்கல் நெருங்கும்போது இன்சூரன்ஸ் ஏஜென்டோ புரோக்கர் அலுவலகமோ வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு அனுப்புவதுண்டு: விடுமுறை முடியும்வரை க்ளெய்ம் உதவிக்கு இந்த எண்களை அழைக்கவும். வாழ்த்துச் செய்திகளோடு அதையும் தள்ளிவிடுகிறோம். 2026-இல் பொங்கல் வியாழக்கிழமை வந்ததால் ஞாயிறு வரை நான்கு நாள் தொடர் விடுமுறை. அப்போது பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் ஏஜென்ட், கிளை அலுவலகங்கள்தான். மருத்துவக் காப்பீட்டு அட்டையில் உள்ள 24 மணி நேர உதவி எண் பண்டிகையன்றும் இயங்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் தஞ்சாவூர் பக்கம் சொந்த ஊருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுப் பொங்கல் இரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. முதல் அழைப்பு 108-க்குத்தான், இன்சூரன்ஸ் அப்புறம். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால், அங்குள்ள இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அட்டையையும் ஆதாரையும் கொடுத்தால் போதும். முன் அனுமதி விண்ணப்பத்தை அவர்களே அனுப்புவார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை என்பதற்காக இது நிற்காது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வகுத்த விதி.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால், பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பெற வேண்டியிருக்கும். அவசரச் சேர்க்கையை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும்படி பல பாலிசிகள் சொல்கின்றன. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டிவரும். அன்றிரவே உதவி எண்ணில் சொல்லி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் அனுப்பினால் நேரத்துக்குச் சாட்சி இருக்கும்.

வந்த அறிவிப்பை எப்படி நம்புவது? எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எதுவரை என்று அதில் இருக்கிறதா பாருங்கள். தேதியில்லாத அறிவிப்பு அடுத்த தீபாவளிக்கும் சுற்றிவந்து, எடுக்க ஆளில்லாத எண்ணுக்கு நம்மை அனுப்பும். புது எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தோடு ஒப்பிடுங்கள், அல்லது பழைய எண்ணிலேயே ஏஜென்டைக் கேளுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் மோசடிக்காரர்களுடையதும் உண்டு. க்ளெய்ம் பதிவுக்கு முன்பணம், வங்கி ஓடிபி, செயலி இறக்கம் என்று எது கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

ஊருக்குக் கிளம்புமுன் பாலிசி எண், அட்டையிலுள்ள உதவி எண், விடுமுறைக்கால எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.