புத்தகத்துக் கேள்வி மேடைக்கு வந்தால்

ஒரு பொங்கல் விழாவில் பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே மேடை ஏறிவிட்டேன். எங்கள் குடியிருப்பிலிருந்து நான்கு அணிகள். “முதல் தமிழ்ப் பேசும் படம் யாது?” என்றேன். “காளிதாஸ்.” “சரி, பத்து மதிப்பெண்.” அடுத்த கேள்வி. நாற்பது கேள்விகளும் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோயின. பந்தி போட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

புத்தகத்துக் கேள்வி கண்ணுக்காக எழுதப்பட்டது. பதில் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் பக்கத்தைப் புரட்டுவார். மேடைக் கேள்வியில், பதில் தெரியாதவரும் யோசித்துப் பிடிக்க ஒரு வழி இருக்க வேண்டும். அதே கேள்வியை இப்போது நான் இப்படி எழுதுவேன்:

“ஒரு படத்தோட பேர் சொல்லணும். 1931-ல வந்தது. கதாநாயகி தமிழ்ல பேசுவாங்க, கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்வார். நடிச்சவங்க டி.பி. ராஜலட்சுமி. படத்தோட தலைப்பு ஒரு சம்ஸ்கிருதக் கவிஞரோட பேரு.”

துப்புகள் கடினத்திலிருந்து எளிமைக்கு இறங்குகின்றன. ஆனால் அதைவிட முக்கியம் முதல் வாக்கியம். தமிழில் ‘யார்’, ‘எது’, ‘எத்தனை’ என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘காளிதாஸ் படத்தை...’ என்று நான் இழுக்கும்போதே ஒருவர் பஸ்ஸரை அழுத்தினால், கேட்பது இயக்குநரையா, ஆண்டையா என்று அவருக்கே தெரியாது. அதனால் என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘யாது’வுக்கும் மேடையில் வேலையில்லை. ஸ்கிரிப்ட்டை வாயில் வருகிற தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

புத்தகம் பழையதென்றால் விடைகளையும் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று அச்சான புத்தகம் என்னிடம் இன்னும் இருக்கிறது. 2020 முதல் 38. அப்புறம், தகவல் எல்லோருக்கும் பொது, வாக்கியம் எழுதியவருடையது. திருப்பி எழுதுவதில் இந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

முதல் சுற்றுக்கு நேரடிக் கேள்வி: சொன்னால் 10, பாஸ் ஆகி வந்ததைச் சொன்னால் 5. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எங்கள் விழாவில் ‘ஆ’ அணி தடுமாறிக்கொண்டே இருந்தது. அது விட்ட கேள்வியெல்லாம் பக்கத்திலிருந்த ‘இ’ அணியின் மடியில்தான் விழுந்தது. கடைசியில் ‘இ’ ஜெயித்தபோது பின்வரிசையில் முணுமுணுப்பு. அது நியாயமான முணுமுணுப்புதான். அந்த அணி ஜெயித்ததில் பாதி நாற்காலியின் புண்ணியம். 16 கேள்வி என்றால் முதல் 8 இடமிருந்து வலமாகப் போகட்டும், அடுத்த 8 வலமிருந்து இடமாக. ஒவ்வோர் அணிக்கும் இரு திசையிலும் இரண்டிரண்டு நேரடிக் கேள்வி கிடைக்கும், பாஸ் வரும் பக்கமும் மாறிவிடும்.

இரண்டாவது பஸ்ஸர் சுற்று. 1962-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி சாலஞ்ச்’ நிகழ்ச்சியின் விதி இதற்குப் பொருத்தமானது: சரியான விடைக்கு 10, கேள்வி முடியும் முன் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் மட்டும் 5 குறையும். முழுக்கக் கேட்டுவிட்டுத் தவறினால் தண்டனை இல்லை. பஸ்ஸர் ஒலித்ததும் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். பதில் தவறானால் மற்ற அணிகளுக்குக் கேள்வியை முழுதாக வாசிக்க வேண்டும்.

இந்த விதியைச் சபையில் விளக்கும்போது நம்மவர்கள் சுற்றறிக்கை படிப்பது போலப் படித்துவிடுவார்கள். கணக்காகச் சொன்னால் பாட்டிக்கும் புரியும். ஸ்கிரிப்ட்டில் நான் எழுதிவைப்பது:

“அ அணி, இப்ப உங்ககிட்ட முப்பது இருக்கு. நான் பேசும்போதே அழுத்திச் சரியா சொன்னா நாப்பது. தப்பா சொன்னா இருபத்தஞ்சு. கேள்வி முடியற வரைக்கும் பொறுத்திருந்து தப்பினா முப்பது முப்பதாவே இருக்கும். பொறுமைக்கு இங்க காசு பிடிக்கறதில்ல.”

கடைசி வாக்கியம்தான் அரட்டை. அதற்கும் இடம் உண்டு: விதி சொன்ன பிறகு, விடை அறிவித்த பிறகு. கேள்விக்கு நடுவில் கூடாது. அணி யோசிக்கிற நேரத்தில் ஜோக் அடித்தால் அவர்கள் நேரத்தைத் திருடுகிறோம். தப்பாகச் சொன்ன பையனைக் கிண்டல் செய்யும் வரியை எழுதவே எழுதாதீர்கள். அவன் அப்பா முன்வரிசையில் இருப்பார். ‘காளிதாஸ்’ விடைக்குப் பிறகு நான் வைத்திருப்பது: “அவங்க தமிழ், அவர் தெலுங்கு. ஆனா சண்டை வரல. நம்ம வீட்ல ரெண்டு பேரும் தமிழ்தான்...” மீதியைச் சபையே முடித்துக்கொள்ளும்.

சமநிலை வந்தால்? புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புளியங்கொட்டை. யார் சொல்லும் எண் கிட்ட வருகிறதோ அவர்களுக்கு வெற்றி. கொட்டைகளை இருவர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கையை உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒருமுறை நான் மட்டும் எண்ணியிருந்தேன். தோற்ற அணியின் பாட்டி மேடையேறி, புடவை முந்தானையை விரித்து, பாட்டிலைக் கவிழ்த்துத் திரும்ப எண்ணினார். மூன்று குறைந்தது.