தோமா விலகிப் போகவில்லை

“கடவுள் நிஜமாவே இருக்காரா?” என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, “இப்படியெல்லாம் பேசாதே.” மற்றொன்று, “ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்.” இரண்டிலும் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கேட்ட பிள்ளை மட்டும், இதை இனிமேல் இங்கே கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்கிறது. சில வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவது நின்றுபோனால், ஏன் நின்றது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்காக, சந்தேகமும் விசுவாசத்துக்குள் இருக்க முடியும் என்று சொல்லும் ஒரு சின்ன வீடியோவை எடுக்க நினைக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், இளைஞர் குழுத் தலைவர்கள் உண்டு. அவர்கள் முதலில் எழுதும் வரி பெரும்பாலும் ஒரு விளக்கமாக இருக்கும்: விசுவாசம் என்றால் இது, சந்தேகம் என்றால் இது. பதினைந்து வயதுப் பிள்ளை அதற்குள் திரையைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். இரண்டு நிமிடத்தில் விளக்கங்களுக்கு இடமில்லை. ஒரு மனிதருக்கு இடம் உண்டு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் போகும். ஆக மொத்தம் இருநூறு சொற்கள்தான் கையில் இருக்கின்றன.

அந்த ஒரு மனிதராக இயேசுவின் சீடர் தோமாவை எடுத்துக்கொள்ளலாம். அவர் இந்தியாவுக்கு வந்தார், சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூர் சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் கிறிஸ்தவர்களிடையே தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. அந்த மலையை ரயிலில் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் அவரைப் பற்றி எல்லோர் மனதிலும் நிற்பது, சந்தேகப்பட்டவர் என்ற ஒரே செய்திதான்.

யோவான் நற்செய்தியில் தோமா பேசும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றைச் சேர்த்துப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். இயேசுவைக் கல்லெறியத் தேடிய யூதேயாவுக்கு அவர் திரும்பப் போக முடிவு செய்தபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று மற்றவர்களை அழைத்தவர் தோமா. கடைசி இரவு உணவின்போது, இயேசு போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்டவரும் அவரே. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டத் தெரியாதவர், பயந்தவர் அல்ல. உயிர்த்தெழுந்த செய்தியை அவர் ஏற்க மறுத்ததை இந்தக் குணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது. முதல் ஞாயிறு மாலை மற்றச் சீடர்களுக்கு இயேசு தம் கைகளையும் விலாவையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். அன்று காலை பெண்கள் கல்லறையிலிருந்து வந்து சொன்ன செய்தியைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளியதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் நேரில் பார்க்காமல் நம்பியவர் அந்த அறையில் யார்? பார்த்தவர்களின் பேச்சை மட்டும் வைத்து நம்பச் சொன்னபோது, அவர்களுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்க வேண்டும் என்று தோமா கேட்டார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கூடுதலாகக் கேட்டது.

வீடியோ இங்கிருந்தே தொடங்கலாம். பேசுபவர் கேமராவை நேராகப் பார்த்து, வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும்:

“தோமான்னாலே சந்தேகப்பட்டவர்னு சொல்லுவோம். ஆனா அவர் கேட்டது என்ன தெரியுமா? மத்தவங்களுக்கு ஏற்கெனவே கிடைச்சதைத்தான்.”

முதல் பத்து நொடிக்கு இது போதும். வணக்கம், இசை, குழுவின் பெயர்ப் பலகை எதுவும் முன்னால் வேண்டாம். அடுத்த முப்பது நொடியில் சம்பவம்:

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கதவெல்லாம் பூட்டியிருக்கு. உள்ளே எல்லாரும் பயந்துபோய் இருக்காங்க. இயேசு வந்து நின்னு கையைக் காட்டுறார், விலாவைக் காட்டுறார். அன்னைக்குத் தோமா அங்கே இல்ல. திரும்பி வந்தவர்கிட்ட எல்லாரும் சொல்றாங்க. அவர் சும்மா தலையாட்டியிருக்கலாம். ஆட்டல. நானும் பார்க்கணும், தொடணும், அது வரைக்கும் என்னால முடியாதுங்கிறார்.”

அடுத்து வருவதைப் பெரும்பாலான பிரசங்கங்கள் தாண்டிப் போய்விடும். யோவான் அதற்குப் பின் எழுதுவது, எட்டு நாள் கழித்து நடந்தது. இடைப்பட்ட நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எட்டாம் நாள் அதே வீட்டில், அதே ஆட்களோடு தோமா இருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சந்தோஷத்தில் இருக்க, தன்னால் நம்ப முடியவில்லை என்று சொன்ன ஒருவர் ஒரு வாரம் அவர்களோடு இருந்திருக்கிறார். அவர்களும் அவரைத் துரத்தவில்லை. இரண்டு நிமிட வீடியோவில் முப்பது நொடியை இதற்குக் கொடுக்கலாம்:

“அந்த எட்டு நாள்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னு பைபிள் சொல்லல. ஒண்ணு மட்டும் தெரியுது. அவங்க தோமாவை வெளியே அனுப்பல. தோமாவும் விலகிப் போகல.”

இதைச் சொல்லிவிட்டு மூன்று நொடி பேசாமல் இருக்க வேண்டும். எடிட் செய்பவர்கள் இந்த இடைவெளியை வெட்டத் துடிப்பார்கள், விடக் கூடாது. தன் சந்தேகத்தை ஒளித்து வைத்திருக்கும் பிள்ளை தன் வீட்டையும் தன் சபையையும் நினைத்துப் பார்ப்பது அந்த நொடிகளில்தான்.

“அப்புறம் இயேசு வர்றார். நேரா தோமாகிட்டதான் பேசுறார். கேட்டதைக் கொடுக்கிறேங்கிறார். தோமா தொட்டாரான்னு எழுதலை. அவர் சொன்ன பதில் எழுதியிருக்கு: இயேசுவைத் தன்னோட கடவுள்னே கூப்பிடுறார்.”

தொட்டாரா என்ற விஷயத்தில் கவனம் வேண்டும். கராவாஜ்யோ 1601, 1602 வாக்கில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள்ளேயே போகிறது. வீடியோவில் அந்தப் படத்தைப் போட யாருக்கும் ஆசை வரும். ஆனால் யோவானின் எழுத்தில் தொடுவதற்கான அழைப்பும் தோமாவின் பதிலும்தான் உள்ளன. சரிபார்த்துக் கேட்ட மனிதரைப் பற்றிய வீடியோவில் சரிபார்க்காத ஒன்றைப் போட்டால், கூர்மையான பிள்ளை ஒன்று கண்டுபிடித்துவிடும்.

அதேபோல், பார்க்காமல் விசுவாசிப்பவர்கள் பேறுபெற்றவர்கள் என்று இயேசு சொல்வதையும் மறைக்கக் கூடாது. அவிசுவாசியாக இராதே என்று தோமாவிடம் நேராகச் சொன்னதும் அங்கே இருக்கிறது. இது கண்டிப்பு இல்லையா என்று பிள்ளைகள் கேட்டால், ஓரளவுக்கு ஆம் என்றே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வரிசையைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்: முதலில் தோமா கேட்டதைக் கொடுக்க முன்வருகிறார், அதோடு சேர்ந்துதான் அந்தச் சொல் வருகிறது. மேலும் இந்த நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதை வாசித்தவர்களில் அநேகமாக யாரும் இயேசுவைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. பார்க்காதவர்களைப் பற்றிய வாக்கியம் அவர்களுக்குத் தெம்பூட்டச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

இப்போது கடினமான பகுதி. நேர்மையான சந்தேகத்தை வேறு எதிலிருந்தும் எப்படிப் பிரித்தறிவது? தோமாவிடமே அதற்கான அடையாளம் இருக்கிறது. எது கிடைத்தால் ஏற்பேன் என்று அவர் சொன்னார், கிடைத்தபோது ஏற்றார். எந்தப் பதில் வந்தாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர் பதிலைத் தேடவில்லை. வகுப்பில் கேலி செய்வதற்காகக் கேட்பதும் வேறு. ஆனால் கேலிக்குப் பின்னால் உண்மையான வலி ஒளிந்திருப்பதும் உண்டு. தாத்தா பிழைக்க வேண்டும் என்று நாற்பது நாள் ஜெபித்தும் அவர் இறந்துபோன வீட்டுப் பிள்ளை, சிரித்துக்கொண்டேதான் “ஜெபம் வேலை செய்யுமா சார்?” என்று கேட்கும்.

வேறொரு வகையும் உண்டு. அதை ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாவம் செய்துவிட்டேனா, சரியாக ஜெபித்தேனா, கடவுளைப் பழித்துவிட்டேனா என்று ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து, பதில் கிடைத்த சிறிது நேரத்திலேயே மறுபடி தொடங்கி, தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால், அது ஓசிடி எனும் மனநலக் கோளாறின் ஒரு வடிவமாக இருக்கலாம். இத்தகைய பிள்ளைக்குத் தோமாவின் கதையும் ஆறுதலாகாது. ஒவ்வொரு முறையும் தைரியம் சொல்வதே அந்தச் சுழலை வளர்க்கும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

எட்டு நாளில் தோமாவுக்குப் பதில் கிடைத்தது என்பதால், எல்லாருக்கும் அப்படிக் கிடைத்துவிடும் என்று வீடியோ வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. அன்னை தெரேசா 1997இல் இறந்தார். அவர் தம் ஆன்மிக ஆலோசகர்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகம் அதிர்ந்தது. கல்கத்தாவில் பணி தொடங்கியது முதல் வாழ்நாளின் பெரும்பகுதி, கடவுள் தம்மோடு இருப்பதாக அவரால் உணரவே முடியவில்லை. அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொன்னவரும் அவரே. ஆனாலும் வேலையையும் ஜெபத்தையும் விடவில்லை. அவரை 2016இல் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அறிவித்தது. இதை இரண்டு நிமிடத்துக்குள் திணிக்க வேண்டாம்; தனியாக இரண்டாவது வீடியோவாக எடுக்கலாம்.

மற்ற சமயத்தாரும் தங்கள் மரபிலேயே ஆளைத் தேடிக்கொள்ளலாம். செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்ற சந்தேகத்தை யமனிடமே கேட்டு, செல்வம் தருகிறேன் என்றபோதும் கேள்வியைக் கைவிடாத நசிகேதன் கடோபநிஷத்தில் இருக்கிறான். பாக்தாத்தின் பெரிய கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி, 1095இல் மனநெருக்கடியில் பேச்சே வராமல் பதவியை விட்டுப் போனார். அதற்கும் முன்பே தம்மைப் பிடித்தாட்டிய சந்தேகத்தைப் பிற்பாடு அவரே எழுதி வைத்தார்.

வீடியோவின் கடைசிப் பதினைந்து நொடியில் முடிவுரை வேண்டாம். “உன் கேள்வியை இவங்ககிட்ட கேட்கலாம்” என்று இரண்டு பெரியவர்களின் முகத்தைக் காட்டினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடிந்தவர்களாக, கேட்டதைப் பெற்றோரிடம் போட்டுக்கொடுக்காதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர்கள் ரகசியம் காக்கக் கூடாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்படி இருவர் அந்தச் சபையில் கிடைக்கவில்லை என்றால், வீடியோவை வெளியிடுவதற்கு முன் அவர்களைத் தேடுவதே முதல் வேலை.

எடிட் முடிந்ததும் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ காட்டுவதற்கு முன்னால், கோயிலுக்கு வர விருப்பமில்லாத இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, “இதுல தோமா திட்டு வாங்கினாரா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று சொன்னால், அந்த எட்டு நாள் பகுதியை மறுபடி எடுக்க வேண்டும்.