பந்து வந்தபின் கை இளகாது

ஸ்லிப்பில் நின்ற பையனின் கையில் பந்து பட்ட சத்தம் பவுண்டரி வரை கேட்டது. பலகையில் சுத்தியல் விழுந்தது போல ‘டக்’. பந்து அவன் முன்னால் இரண்டடி தள்ளி விழுந்தது. நேராகக் கைக்கே வந்த பந்துதான். பயிற்சியாளர் திட்டவில்லை. “தம்பி, பந்தை நீ தேடிப் போகாதே. அது உன்கிட்ட வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

சாஃப்ட் ஹேண்ட்ஸ் என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். பந்தின் வேகத்தோடு கையும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். மட்டையின் விளிம்பில் பட்டு மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அது ஸ்லிப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விறைத்த கை அதை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அந்தக் கணத்தில் உள்ளங்கை தாங்கும் விசை சராசரியாக 145 கிலோ எடைக்குச் சமம். கை 25 சென்டிமீட்டர் பின்வாங்கினால் அது 30 கிலோவுக்குள் அடங்கிவிடும். வலி குறைவது இருக்கட்டும். பந்து கையை உதைத்துக்கொண்டு துள்ளுவது நின்றுவிடும் என்பதே இதில் பெரிய லாபம்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கை அப்படிப் பின்வாங்கும்போதுகூட, பந்து பட்டதிலிருந்து நிற்கும் வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்குதான். தொடுவதை உணர்ந்து, மூளை கைக்குச் செய்தி அனுப்ப அதைவிடப் பத்து மடங்கு நேரம் வேண்டும். அதனால் பந்து பட்டதும் கையை இளக்கலாம் என்பது நடக்காத காரியம். இளக்கம் முன்பே கையில் இருக்க வேண்டும். பின்வாங்குவதற்கான இடத்தையும் முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

ஸ்லிப் ஃபீல்டர் அந்த இடத்தைத் தன் உடம்புக்கு முன்னால் வைத்துக்கொள்கிறார். முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில் நிற்க, முழங்கைகள் விலாவை ஒட்டாமல் தொங்கும். விரல்கள் தரையைப் பார்த்திருக்க, சுண்டுவிரல்கள் ஒன்றையொன்று தொடும். முழங்கை விலாவில் ஒட்டியிருந்தால் கை பின்னால் போக வழியே கிடையாது. எவ்வளவு மென்மையான கையும் அங்கே சுவராகிவிடும். பந்து நெஞ்சுக்கு நேராக வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் பின்னால் உடம்பு நிற்கிறது. அப்போது தோளைத் திருப்பி, பந்தைப் பக்கவாட்டில் கொண்டுபோவார்கள். டெஸ்டில் 210 கேட்ச் பிடித்த ராகுல் டிராவிட் ஸ்லிப்பில் நின்ற பழைய காட்சிகள் கிடைத்தால், முகத்தை விட்டுவிட்டு முழங்கையைப் பாருங்கள். 2025-ல் ஜோ ரூட் முந்தும் வரை அந்த எண்ணிக்கைதான் சாதனை.

பையன்கள் செய்யும் தவறு இரண்டு விதம். பயத்தில் பந்தைப் பறிக்கக் கையை நீட்டுவது ஒன்று. அப்போது பந்தின் வேகத்தோடு கையின் வேகமும் சேர்ந்து மோதுகிறது. மற்றது, ‘கையைப் பின்னால் எடு’ என்று கேட்டுக் கேட்டு, பந்து வரும் முன்பே இழுத்துக்கொள்வது. பந்து துரத்த, கை ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் வயிற்றில் முட்டி நிற்கும். அதற்குமேல் விட்டுக்கொடுக்க இடம் இல்லை.

பவுண்டரி அருகே நிற்பவருக்கு நேரம் தாராளம், ஆனால் அதுவே சில சமயம் எதிரி. 25 மீட்டர் உயரம் போன பந்து இறங்கும்போது சுமார் 70 கிலோமீட்டர் வேகம் இருக்கும். லட்டு கேட்ச் என்று நாம் சொல்வது பலமுறை இதில்தான் விழுகிறது. ஓடிக்கொண்டே பிடித்தால் தலை குலுங்கும், பந்தும் கண்ணில் குலுங்கும். அதனால் முதலில் வேகமாக ஓடி, பந்துக்கு அடியில் போய் நின்றுவிட வேண்டும். பிறகு கைகளைக் கிண்ணம்போலச் சேர்த்து முகத்தருகே உயர்த்தி, பந்தை அங்கே வாங்கி, அதன் வேகத்தோடு நெஞ்சுக்கு இறக்க வேண்டும். முதலிலேயே கையை வயிற்றருகே வைத்துக் காத்திருப்பவருக்கு இறக்க இடமில்லை. கண்ணுக்கும் கைக்கும் நடுவே தூரமும் அதிகம். விரல்களை மேல்நோக்கி நெற்றிக்கு முன் விரித்துப் பிடிப்பது ஆஸ்திரேலிய முறை. அதில் பந்தைக் கையின் மேலாகவே கடைசி வரை பார்க்கலாம், பின்வாங்கும் பாதை தோளுக்கு மேலே போகும். தட்டையாக, முகத்துக்கு நேரே வரும் பந்துக்கு அது ஏற்றது என்பது என் எண்ணம். தலைக்கு நேர் மேலிருந்து விழும் பந்துக்கு எனக்குக் கிண்ணம்தான் நம்பிக்கை.

பயிற்சிக்கு நான் பார்த்ததில் சிறந்தது தண்ணீர் நிரப்பிய பலூன். ஐந்து அடி தூரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் போகலாம். பறித்தால் உடனே உடைந்து சட்டை நனையும்.

அந்தப் பையனை அழைத்து, கையை விரிக்கச் சொன்னார் பயிற்சியாளர். மணிக்கட்டை ஒட்டிய சதையில் பந்து பதிந்த சிவப்பு வட்டம். “இது இங்கே இருக்கணும்” என்று விரல்கள் தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே வாங்கினால் விரல்கள் தானாகவே மூடும். அடிக்கையில் பட்டால் மூடுவதற்குள் பந்து வெளியே துள்ளிவிடும். மறுபடி ஸ்லிப்பில் போய் நின்றவன், இந்த முறை முழங்கையை விலாவிலிருந்து ஒரு சாண் நகர்த்திக்கொண்டான்.