குடை பிடித்த கிழவர்

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றி ஓடும் குறுகலான உள்சுற்றில் இருக்கின்றன. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. விட்டாலும், நாலடி பின்னால் நகர்ந்து முழுச்சுவரையும் பார்க்க அங்கே இடம் கிடையாது. அதனால் கோயில் வளாகத்தில் வைத்திருக்கும் நிழற்படங்களே நமக்குக் கதி. லீவுக்கு வந்த பிள்ளையை அழைத்துப் போனால், சுந்தரர் கதை தீட்டிய சுவரின் படத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். அந்த ஒரு சுவர் போதும்.

முதலில் சொல்ல வேண்டியது, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பது. பிள்ளைகள் புத்தகத்தைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே வருவார்கள். இந்தச் சுவரில் கதை கீழே தொடங்கி மேலே ஏறுகிறது. சுந்தரருக்குக் கல்யாணம், விருந்துக்குச் சமைக்கும் பெண்களைக் கீழ்ப்பகுதியில் காட்டுங்கள். கல்யாண வீடு என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

அடுத்து ஒரு முதியவர். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஓலை.

“மழையே இல்லையே, இவர் ஏன் சித்தி குடை பிடிச்சிருக்காரு?” என்று எங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. குடை, அவர் வெளியூரிலிருந்து வெயிலில் நடந்து வந்தவர் என்பதற்கு அடையாளம். ஓலைதான் வழக்கு. “உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது, நீ எனக்கு ஆள்” என்று மணமேடையில் இருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார்.

அப்படியே படத்தில் கூடியிருக்கும் சபைக்குப் போகலாம். அங்கே பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஓலையை ஒப்பிட்டுப் பார்த்து, கிழவர் பக்கமே தீர்ப்பாகிறது. “அப்போ உங்க வீடு எங்கே?” என்று கேட்டதும் அவர் நேரே கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். அந்தக் கோயிலும் சுவரில் இருக்கிறது. வந்தவர் சிவன் என்பதை இந்த இடம் வரை பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஆள் சுவரில் பல இடங்களில் வருகிறார். கதை நகர நகர அவரைத் திரும்பத் திரும்ப வரைவதுதான் ஓவியரின் வழி. கட்டம் போட்டுப் பிரிக்கும் பழக்கம் இங்கே இல்லை. “இவரு ஏற்கெனவே கீழே இருந்தாரே?” என்று பிள்ளை கேட்டால், படத்தைச் சரியாகப் படிக்கிறாள் என்று அர்த்தம்.

இனி மேலே. வெள்ளை யானையில் சுந்தரர், குதிரையில் அவருடைய நண்பர் சேரமான் பெருமாள். இருவரும் கயிலைக்கு விரைகிறார்கள். யானை, சிவன் அனுப்பியது. சேரமானுக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை. குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, நண்பனைத் தொடர்ந்து கிளம்பிவிட்டார். இதைச் சொன்னால் பிள்ளைகள் யானையை விட்டுக் குதிரைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

கயிலையில் புலித்தோல்மேல் அமர்ந்திருப்பவரை முனிவர் என்று நினைத்துவிடத் தோன்றும். இடுப்பையும் வலது முழங்காலையும் சேர்த்துக் கட்டிய துணியைக் காட்டுங்கள். அது யோகப்பட்டை, தவத்தில் நெடுநேரம் அசையாமல் உட்காரக் கட்டுவது. ஆடல்வல்லான் என்று நாம் அறிந்த சிவன் இங்கே அமைதியாக உட்கார்ந்து, இரண்டு அப்சரசுகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்தச் சுவரில் மிகப் பிடித்த இடம் இதுவே.

கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் இன்னொன்றும் சொல்லலாம். இந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்லும் பெரியபுராணத்தைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதினார். இராசராசன் கோயில் 1010-இல் நிறைவடைந்தது. ஓவியங்களும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தவை. ஆக, அந்த நூலைப் பார்த்து யாரும் இதை வரையவில்லை. சுந்தரரே தம் பாடல்களில் தொட்டுச் சொன்னதும், நம்பியாண்டார் நம்பி சுருக்கமாகப் பாடியதும், மக்கள் வாயில் வழங்கியதும்தான் ஓவியர் கையில் இருந்தவை. ஓலையைக் கிழித்தது போன்ற விவரங்களை நாம் பெரியபுராணத்திலிருந்து எடுத்து இந்தச் சுவரின்மேல் வைத்துச் சொல்கிறோம் என்பதும் பிள்ளைக்குத் தெரியட்டும்.

“இங்கெல்லாம் ஏன் ஒண்ணுமே இல்ல?” என்று வெளிறிய திட்டுகளைக் காட்டிக் கேட்பார்கள். சோழர் படத்தின்மேல் பிற்காலத்தில் நாயக்கர் காலத்தார் புதிதாகச் சுண்ணாம்பு பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அந்த மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிறகு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமில்லாமல் உரித்து, தனியே பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். ஆனால் அடியில் எல்லா இடத்திலும் படம் பிழைத்திருக்கவில்லை. அந்தத் திட்டுகளில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளை ஊகிக்கட்டும். நாம் மட்டும் எதையும் இட்டு நிரப்பிச் சொல்லக் கூடாது.