சாப்பிட்டது ஒன்று, சொன்னது ஒன்று

ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று ஆய்வாளர்கள் கண்டறியப் பெரும்பாலும் ஒரே வழிதான்: அவரிடமே கேட்பது. அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்? 1999-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மேரிலாந்தில் 40 முதல் 69 வயது வரையுள்ள 484 பேரை வைத்துச் சோதித்தது. ஆய்வின் பெயர் ‘ஓப்பன்’.

அவர்களிடம் இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒன்று, 24 மணி நேர நினைவுகூரல். முந்தைய நாள் சாப்பிட்டதை முதலில் தடையில்லாமல் சொல்லவிட்டு, பிறகு துருவுவார்கள்: காப்பியில் சர்க்கரை உண்டா, ரொட்டியில் வெண்ணெய் தடவினீர்களா, இடையில் ஏதாவது கொறித்தீர்களா? மற்றொன்று உணவு அலைவெண் வினாத்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகள் அதில் வரிசையாக இருக்கும். கடந்த ஓராண்டில் ஒவ்வொன்றையும் எத்தனை முறை, எவ்வளவு சாப்பிட்டோம் என்று குறிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே? கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ கரியமில வாயுவாகவும் போகும். சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறையும் வேகத்தை ஒப்பிட்டால், இரு வாரங்களில் உடல் செலவிட்ட கலோரி தெரிந்துவிடும். எடை மாறாதவர் ஏறக்குறைய அவ்வளவுதான் சாப்பிட்டிருக்க முடியும்.

இரண்டு முறைகளிலும் கணக்கு குறைந்தது. நினைவுகூரலில் பெண்கள் சராசரியாக 16 முதல் 20 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். வினாத்தாளில் 34 முதல் 38 சதவீதம். அதாவது, 2,000 கலோரி சாப்பிடும் பெண் நினைவுகூரலில் 1,600-க்கும் சற்று மேலாகச் சொல்வார். வினாத்தாளிலோ 1,300-ஐ ஒட்டித்தான் வரும். ஆண்களிடமும் இதே போக்குதான். உடல் பருமன் கூடக்கூட, விடுபடும் அளவும் கூடியது. பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கொறித்தது மறந்துபோகும், அளவு சிறியதாகத் தோன்றும், ‘நல்ல’ உணவு முந்திக்கொண்டு நினைவுக்கு வரும்.

இதைவிட முக்கியமானது பிழையின் தன்மை. நேற்று கல்யாண விருந்து சாப்பிட்டவர் அடுத்த வாரம் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். நினைவுகூரலில் உள்ள இத்தகைய ஏற்ற இறக்கம், பல நாட்கள் கேட்டுச் சராசரி எடுத்தால் பெருமளவு அடங்கிவிடும். வினாத்தாளில் அப்படியில்லை. ஓராண்டை மனத்துக்குள் சராசரி எடுப்பதில் ஒருவர் செய்யும் தவறு, அதே தாளை மீண்டும் நிரப்பும்போதும் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். அதனால்தான் இரண்டு முறையும் ஒத்துப்போகும் வினாத்தாளைப் பார்த்து, அது சரியான வினாத்தாள் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆனாலும் வினாத்தாளை ஒதுக்கிவிட முடியவில்லை. மாதம் ஒருமுறை ஈரல் சாப்பிடுபவரின் பழக்கம் இரண்டு நாள் நினைவுகூரலில் அகப்படாது. பல்லாயிரம் பேரிடம் திரும்பத் திரும்ப நேர்காணல் நடத்தவும் செலவு பிடிக்கும். புரதத்தைத் தனியாக எடுக்காமல் மொத்தக் கலோரியில் அதன் பங்காகக் கணக்கிட்டபோது, ‘ஓப்பன்’ ஆய்விலேயே வினாத்தாளின் பிழை கணிசமாகக் குறைந்தது.