உச்சவரம்புக்கு வெளியே நிற்கும் பிரிவு

தாய்லாந்தின் எண்ணெய் நிறுவனமான பிடிடி, தன் சரக்கு வணிகத்தைக் கையாள ஒரு மென்பொருளை அமைத்துத் தரச் சொல்லி, டிரிபிள் பாயின்ட் டெக்னாலஜி என்ற நிறுவனத்துடன் 2013-இல் ஒப்பந்தம் போட்டது. வேலை இழுத்துக்கொண்டே போய்ப் பாதியில் முறிந்தது. வழக்கு லண்டன் நீதிமன்றங்களுக்குப் போனது. ஒப்பந்தத்தில் மென்பொருள் நிறுவனத்தைக் காக்கும் பிரிவு ஒன்று இருந்தது. என்ன நடந்தாலும் அதன் மொத்தப் பொறுப்பு, பெற்றுக்கொண்ட விலையைத் தாண்டாது என்றது அந்தப் பிரிவு. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருந்தது. மோசடி, கவனக்குறைவு, பெரும் கவனக்குறைவு, வேண்டுமென்றே செய்த தவறு ஆகியவற்றால் வரும் பொறுப்புக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது.

மோசடியும் வேண்டுமென்றே செய்த தவறும் அபூர்வம். கவனக்குறைவு அப்படியல்ல. ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டால், அநேகமாக அவர் சொல்லும் முதல் குற்றச்சாட்டே அதுதான். இங்கே கவனக்குறைவு என்றால் ஒப்பந்தத்துக்கு வெளியே தனித்து நிற்கும் தவறு மட்டுமே என்று விற்றவர் தரப்பு வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2021 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. ஒப்பந்தப்படி காட்ட வேண்டிய திறமையையும் கவனத்தையும் காட்டாமல் விட்டதும் கவனக்குறைவே; அதனால் வந்த இழப்புக்கு உச்சவரம்பு இல்லை என்றது. விற்பவரின் பொறுப்புக்குப் போட்ட வேலியை ஒற்றைச் சொல் திறந்துவிட்டது.

ஐந்து நீதிபதிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்த கேள்வி இது. கையெழுத்துக்கு முன் இருக்கும் அரை மணி நேரத்தில் ஒரு தொழிலதிபர் தானாக இதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கறிஞரின் வேலை. அவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரி. மோட்டார் பம்பு தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் காஸ்டிங் ஒன்று 400 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 50,000 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 2 கோடி. லாபம் நூற்றுக்கு எட்டு என்றால் 16 லட்சம். வாங்கும் நிறுவனம் 22 பக்க சப்ளை ஒப்பந்தத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறது. பவுண்டரி முதலாளி 14-ஆம் பிரிவைக் காட்டுகிறார். "கேப் போட்டிருக்காங்க சார். ஒரு வருஷத்துப் பில் தொகைக்கு மேல நாம கட்ட வேண்டியதில்லை."

வழக்கறிஞர் 14-ஆம் பிரிவின் முதல் ஐந்து சொற்களில் நின்றுவிடுகிறார். "12-ஆம் பிரிவின் கீழான பொறுப்புகள் நீங்கலாக" என்று அது தொடங்குகிறது. 12-ஆம் பிரிவுதான் இண்டெம்னிட்டி, அதாவது இழப்பைத் தாமே ஏற்று ஈடு செய்வதாக எழுதிக்கொடுக்கும் உறுதி. அங்கே திருப்பினால் இப்படி இருக்கிறது: "இந்த ஒப்பந்தத்தின் எந்த மீறலிலிருந்தும் எழுகிற, அல்லது அதனோடு தொடர்புடைய, நேரடியான அல்லது மறைமுகமான எல்லா இழப்புகள், கோரிக்கைகள், செலவுகளிலிருந்தும் வாங்குபவரையும் அவருடைய துணை நிறுவனங்களையும் வாடிக்கையாளர்களையும் விற்பவர் காப்பார்."

இரண்டு பிரிவுகளையும் தனித்தனியே படித்தால் ஒன்றும் தெரியாது. சேர்த்துப் படித்தால் உச்சவரம்பு கரைந்துவிடுகிறது. பவுண்டரி செய்யக்கூடிய தவறு எதுவானாலும் அது ஒப்பந்த மீறலாகத்தான் இருக்கும். "எந்த மீறலும்" 12-இல் அடங்கிவிட்டது. 12 முழுவதும் 14-க்கு வெளியே போய்விட்டது. மிச்சம் எதற்குத்தான் 14-ஆம் பிரிவு? நடைமுறையில் எதற்குமில்லை. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு பிரிவுகளும் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் இண்டெம்னிட்டியிலிருந்து படிக்கத் தொடங்குவதில்லை. முதலில் உச்சவரம்புப் பிரிவை எடுத்து, அதன் விலக்குகளை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு விலக்கையும் பார்த்து, விற்பவர் அன்றாடம் செய்யக்கூடிய சாதாரணத் தவறு இதற்குள் வருமா என்று கேட்கிறார்கள். வரும் என்றால் அது விலக்கே அல்ல, பிரதான விதி. "உட்பட்டு", "நீங்கலாக", "வேறெங்கும் எது கூறப்பட்டிருந்தாலும்" என்ற இணைப்புச் சொற்கள்தான் எந்தப் பிரிவு எதை வெல்லும் என்று தீர்மானிக்கின்றன. உச்சவரம்பு "ஒவ்வொரு கோரிக்கைக்கும்" என்று இருக்கிறதா, "மொத்தமாக" என்று இருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்றிருந்தால், கோரிக்கைகள் பெருகப் பெருக வரம்பும் பெருகும்.

இப்போது தொகை. ஒரு ஹீட்டில் புளோஹோல் விழுந்து 3,000 காஸ்டிங் பழுதாகிறது என்று கொள்வோம். காஸ்டிங்கின் விலை 12 லட்சம். அதை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது என்று முதலாளி நினைப்பார். ஆனால் அவை பம்புகளில் பொருத்தப்பட்டு ஊர் ஊராகப் போய்விட்டன. ஒவ்வொரு பம்பையும் திரும்ப வரவழைத்து, பிரித்து, மாற்றி, அனுப்ப 3,500 ரூபாய் என்றால் 1 கோடியே 5 லட்சம். வாங்கும் நிறுவனத்தில் இரண்டு நாள் லைன் ஸ்டாப். நாளொன்றுக்கு 40 லட்சம் வீதம் 80 லட்சம். அந்த நிறுவனம் தன் மொத்த வாடிக்கையாளருக்குக் கட்டிய தாமத அபராதம் 1 கோடியே 25 லட்சம். கூட்டினால் 3 கோடியே 10 லட்சம். இந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரும் லாபம் முழுவதையும் எடுத்து வைத்தாலும் கட்டி முடிக்க 19 ஆண்டுக்கு மேல் ஆகும்.

திரும்பப் பெறும் செலவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் தகாட்டா நிறுவனம் உண்மையான சாட்சி. அது கார் ஏர்பேக் செய்து கொடுத்தது. காற்றை ஊதும் இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உயிர்ப்பலி வாங்கியதால், பல நாடுகளில் கோடிக்கணக்கானவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தச் செலவும் வழக்குகளும் சேர்ந்து அழுத்த, 2017 ஜூனில் நிறுவனம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திவால் பாதுகாப்புக் கோரியது. அங்கே பொருளின் குறைபாடு உயிர் சம்பந்தப்பட்டது. காஸ்டிங்கில் விழுந்த ஓட்டையோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் ஓர் உதிரிபாகத்தின் விலைக்கும் அது கொண்டுவரக்கூடிய செலவுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க முடியும் என்பது அதில் தெரிகிறது.

சட்டம் காப்பாற்றாதா? ஓரளவுக்கு மட்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் தொலைதூரமான, மறைமுகமான இழப்புக்கு ஈடு தர வேண்டியதில்லை என்கிறது. பம்பு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குக் கட்டிய அபராதத்தை எதிர்த்து அந்தப் பிரிவைக் காட்டி வாதிட இடமுண்டு. ஆனால் இண்டெம்னிட்டி வேறு பிரிவுகளில் இருக்கிறது, 124, 125. அங்கே அந்தக் கட்டுப்பாடு எழுதப்படவில்லை. இழப்பு மறைமுகமானாலும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், 73-ஐக் காட்டித் தப்புவது மிகவும் கடினமாகிவிடும். இதோடு 1942-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கஜானன் மோரேஷ்வர் வழக்கில் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காப்பாற்றப்பட வேண்டியவர் தன் கையிலிருந்து பணத்தைக் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; அவருடைய பொறுப்பு உறுதியாகிவிட்டால், அதைத் தீர்க்கும்படி உறுதி கொடுத்தவரை உடனே கேட்கலாம். பவுண்டரிக்குப் பணம் திரட்டும் அவகாசம்கூட இதனால் குறையும்.

காப்பீடு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பொதுவான தயாரிப்புப் பொறுப்புப் பாலிசிகள் பிறருக்கு ஏற்பட்ட காயத்தையும் உடைமைச் சேதத்தையும் பார்க்கும். பொருளைத் திரும்பப் பெறும் செலவுக்குப் பெரும்பாலும் தனிப் பாலிசி வேண்டும். ஒப்பந்தத்தில் கூடுதலாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே மூடப்படும் என்பது வழக்கமான நிபந்தனை. எனவே கையெழுத்துக்கு முன் 12-ஆம் பிரிவைப் பாலிசிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது கட்டாயம்.

அதற்கும் மேலே ஒரு தேடல் உண்டு. பல புதிய வழக்கறிஞர்கள் 12-ஆம் பிரிவைத் திருத்திவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இண்டெம்னிட்டி என்ற சொல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்யும் வாக்கியங்கள் மற்ற பக்கங்களில் இருக்கும். தர உத்தரவாதப் பிரிவில் "எல்லாச் செலவும் விற்பவர் கணக்கில்" என்று ஒரு வரி. இணைப்பிலுள்ள தரக் கையேட்டில் லைன் ஸ்டாப் கட்டணத்துக்கு ஒரு பட்டியல். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில், ஆர்டரும் ஒப்பந்தமும் முரண்பட்டால் ஆர்டரே செல்லும் என்ற விதி. பணம் செலுத்தும் பிரிவில், வாங்குபவர் தமக்கு வரவேண்டியதாகக் கருதும் எந்தத் தொகைக்கும் டெபிட் நோட் போட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்ற உரிமை. கடைசியாகச் சொன்னது நிஜத்தில் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. நீதிமன்றம், பிரிவு, விலக்கு எல்லாம் பிற்பாடு வரும். பணம் இந்த மாதமே நின்றுவிடும்.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும்? இண்டெம்னிட்டியையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் பெரிய நிறுவனம் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ள வேண்டிய நியாயமும் இல்லை. பழுதான பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டால், அதைச் செய்தவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். வழக்கறிஞர் கேட்பது நான்கு மாற்றங்களை. முதலாவது, 12-ஆம் பிரிவு "எந்த மீறலும்" என்பதை விட்டுவிட்டு, பொருளின் குறைபாட்டால் பிறருக்கு நேர்ந்த காயம், உடைமைச் சேதம் ஆகியவற்றுக்காக மூன்றாம் தரப்பினர் தொடுக்கும் கோரிக்கையோடு நிற்க வேண்டும். இரண்டாவது, 14-ஆம் பிரிவு "12-ஆம் பிரிவு உட்பட, எவ்வகையில் எழும் பொறுப்பானாலும்" என்று தொடங்க வேண்டும். உடல் காயம், உயிரிழப்பு, மோசடி மட்டும் வெளியே நிற்கலாம். மூன்றாவது, திரும்பப் பெறும் செலவுக்கு, பாலிசி தரக்கூடிய தொகைக்கு ஏற்ப ஒரு தனி வரம்பு. அந்தப் பாலிசியின் பிரீமியத்தைக் காஸ்டிங்கின் விலையில் சேர்த்துக் கேட்கவும் இடமுண்டு. நான்காவது, "வேண்டுமென்றே" என்ற சொல்லின் பக்கத்தில் வெறும் "கவனக்குறைவு" வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வது. டிரிபிள் பாயின்ட் தீர்ப்புக்குப் பிறகு இதை விளக்க வழக்கறிஞருக்கு நேரம் அதிகம் எடுப்பதில்லை.

இந்த நான்கும் கிடைக்காமல் ஒன்றிரண்டோடு நின்றாலும், டெபிட் நோட்டை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழுதென்று சொல்லப்படும் காஸ்டிங்கை இரு தரப்பும் சேர்ந்து பார்த்த பின்பே, எழுத்து மூலமான அறிவிப்புக்கு 15 நாள் கழித்தே, அதுவும் மறுக்கப்படாத தொகைக்கு மட்டுமே பில்லில் கழிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால், பவுண்டரியில் சம்பள நாளன்று பணம் இருக்கும். அதே வரி தரக் கையேட்டுக்கும் பர்ச்சேஸ் ஆர்டருக்கும் பொருந்தும் என்பதைச் சேர்த்து எழுதிவிட்டு, ஒப்பந்தத்தோடு அந்த இரண்டையும் ஒரே கோப்பாகக் கட்டிய பிறகுதான் வழக்கறிஞர் கையெழுத்து இடத்துக்குத் திருப்புகிறார்.