வழியில் தொலையும் டிகிரிகள்

உலைக்குள் 800 டிகிரி செல்சியஸ். கன்ட்ரோல் பேனலில் தெரிவதோ 770. சென்சாரைக் கழற்றிப் புதிதாகப் போட்டாலும் அதே 770தான். ஆபரேட்டர் திரையில் 800 வரும்வரை தீயைக் கூட்டினால், உள்ளே இருக்கும் பொருள் 830 டிகிரியில் வேகும். இப்படிப்பட்ட நேரத்தில் சென்சாரைச் சந்தேகிக்கும் முன் அதிலிருந்து வரும் கம்பியைத்தான் பார்க்க வேண்டும்.

உலைகளில் பெரும்பாலும் இருப்பது கே டைப் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்தது. நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்து மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் தரும். அது சொல்வது வித்தியாசத்தை மட்டுமே. எனவே உள்ளீட்டு மாட்யூல் தன் டெர்மினலின் வெப்பநிலையைத் தனியாக ஒரு சிறு சென்சாரால் அளந்து, அதற்குரிய மில்லிவோல்ட்டைக் கூட்டிக்கொள்கிறது. இதுதான் கோல்டு ஜங்ஷன் காம்பன்சேஷன்.

நம் உலையில் நடந்தது இதுதான். தெர்மோகப்பிளின் தலைப்பகுதியிலிருந்து பேனல் வரை அதற்குரிய காம்பன்சேட்டிங் கேபிளுக்குப் பதில் யாரோ சாதாரணச் செம்புக் கம்பியை இழுத்துவிட்டார்கள். தெர்மோகப்பிளின் உலோகங்கள் தலையிலேயே முடிந்துவிட்டதால் கோல்டு ஜங்ஷனும் அங்கே நகர்ந்துவிட்டது. உலைச்சூட்டில் தலை 60 டிகிரி. மாட்யூலுக்கு அது தெரியாது. தன் டெர்மினலின் 30 டிகிரியை மட்டும் கூட்டுகிறது. இடையிலுள்ள 30 டிகிரி கணக்கில் வரவே இல்லை. தலையின் சூடு ஏறி இறங்க, பிழையும் மாறும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம். திரையில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டிச் சரிசெய்யவும் முடியாது.

ஆர்டிடிக்குச் செம்புக் கம்பி ஆகும். அங்கே தொல்லை வேறு. பிடி 100 வகை பிளாட்டினம் சென்சாரின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் ஏறும். 50 மீட்டர் தள்ளி வைத்து, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டை இழுத்தால் போய்வர 100 மீட்டர், சுமார் 1.2 ஓம். மாட்யூல் அதையும் சென்சாரின் மின்தடையாகவே எடுத்துக்கொண்டு 3 டிகிரி கூட்டிக் காட்டும்.

மூன்று கம்பி இணைப்பில், கூடுதல் கம்பியின் உதவியால் மாட்யூல் கம்பியின் மின்தடையை அறிந்து கழித்துவிடுகிறது. ஆனால் கம்பிகள் எல்லாம் சமம் என்று நம்பியே கழிக்கிறது. ஒரு டெர்மினல் துருப்பிடித்து 0.4 ஓம் கூடினாலே ஒரு டிகிரி பிசகும். நான்கு கம்பியில் இந்தக் கவலை இல்லை: இரண்டில் மின்னோட்டம் போகும், மற்ற இரண்டில் அழுத்தம் மட்டும் அளக்கப்படும். அளவு துல்லியமாக வேண்டிய இடத்தில் நான்காவது கம்பிக்குச் செலவழிப்பதே சரி என்பேன்.

சோதிப்பது எளிது. தெர்மோகப்பிள் மாட்யூலின் இரு டெர்மினல்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் திரையில் டெர்மினலின் வெப்பநிலை வர வேண்டும். வந்தால் மாட்யூல் சரி; அடுத்துக் கேபிளைப் பாருங்கள். ஆர்டிடிக்கு, சென்சாரைக் கழற்றி அதே இடத்தில் துல்லியமான 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். திரையில் 0 வர வேண்டும். 3 வந்தால் அந்த 3 டிகிரி முழுதும் கம்பியுடையது.